இடிப்பதற்கு முன் எழுத வேண்டிய திரைக்கதை

சுவரை உடைத்த பிறகு பழைய சுவரைப் படம்பிடிக்க வழியில்லை. வீட்டைப் புதுப்பிக்கும் வீடியோ எடுக்கிறவர்கள் பலரும் இதை வேலை பாதி நடந்த பிறகுதான் உணர்கிறார்கள். கொத்தனார் சுத்தியலோடு வந்து நிற்கும்போது அவசரமாக எடுத்த நாலு புகைப்படங்களும், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த ஒரு ஆட்டமான வீடியோவும்தான் 'முன்' என்று கையில் மிஞ்சும். 'பின்' காட்சி எவ்வளவு அழகாக வந்தாலும் அதை எதோடு ஒப்பிடுவது? இந்த வகை வீடியோவுக்குத் திரைக்கதையை எடிட்டிங் மேசையில் எழுத முடியாது. வேலையாட்கள் வருவதற்கு முந்தைய வாரமே எழுதி முடித்திருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதை ஒரு சமையலறையை வைத்தே பார்ப்போம். சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, எட்டடிக்கு ஏழடி சமையலறை, கிழக்கே ஒரு சிறு ஜன்னல், கடப்பாக்கல் மேடை. வீட்டுக்காரருக்கு மூன்று குறைகள். சிங்க் பக்கம் பகலிலும் இருட்டு. மேடைக்குக் கீழே அலமாரிக் கதவுகள் ஊறித் தொங்குகின்றன. சிங்க்குக்குப் பின்சுவரில் எப்போதும் ஈரம். கையில் இருப்பது 45,000 ரூபாய். மேடையை மாற்றப் போவதில்லை. தரையையும் தொடப் போவதில்லை. இங்கே வரும் தொகைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும்.

திரைக்கதையின் முதல் வரி அந்த மூன்று குறைகள்தான். 'பழைய கிச்சன், இப்போது புது கிச்சன்' என்று பொதுவாக ஆரம்பித்தால் பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. 'பட்டப்பகலில் லைட் போடாமல் இந்த சிங்க்கில் ஒரு டம்ளர்கூடக் கழுவ முடியாது' என்று ஒரு குரல் சொல்ல, இருட்டான சிங்க்கைக் காட்டினால் அங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. மூன்று குறைகள், மூன்று காட்சிகள். கடைசியில் புது சமையலறையைத் திறந்து காட்டும்போது அதே மூன்று இடங்களை, அதே கோணத்தில், அதே வரிசையில் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். அதாவது இடிப்பதற்கு முன்பே முடிவுக் காட்சியின் பட்டியல் தயாராகிவிடுகிறது. என்ன படம் எடுப்பது என்ற குழப்பமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி அந்த 'முன்' காட்சிகளை எடுப்பது. கேமரா எங்கே நிற்கிறது என்பதைத் தரையில் டேப் ஒட்டிக் குறிப்பது வழக்கம். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் அந்த டேப் ஒரு நாள்கூடத் தங்காது. தார்ப்பாய் விரிப்பார்கள், சிமென்ட் சிந்தும், சித்தாள் துடைப்பத்தால் பெருக்கிவிடுவார். ஆகவே அளவாக எழுதி வையுங்கள். வாசல் நிலையிலிருந்து முக்காலி எத்தனை அங்குலம், பக்கச் சுவரிலிருந்து எத்தனை அங்குலம், தரையிலிருந்து லென்ஸ் எத்தனை அங்குலம் என்று மூன்று எண்கள் போதும். மேடையின் பரப்பு கொஞ்சம் தெரிய வேண்டும் என்பதால் லென்ஸ் மேடையைவிட ஓரடி உயரத்தில் இருப்பது நல்லது. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும் வீடாக இருந்தால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல், வாசல் நிலை, உத்தரம் போல மாறாத ஒன்று சட்டத்துக்குள் கட்டாயம் தெரிய வேண்டும். பிறகு இரண்டு காட்சிகளையும் பொருத்த அதுதான் ஆதாரம்.

இதைவிட முக்கியம் லென்ஸ். இன்றைய போன்களில் 1x, 0.5x என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. 0.5x அகல லென்ஸ். எட்டடி அறையைப் பன்னிரண்டடி போலக் காட்டும். முன் காட்சியை 1x-இலும் பின் காட்சியை 0.5x-இலும் எடுத்தால் ஒரு செங்கல்கூட நகராமலே சமையலறை பெரிதாகிவிடும். இப்படி எடுக்கப்பட்ட வீடியோவைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பிரிட்ஜோ வாசல் நிலையோ வெளிப்பக்கம் சரிந்து இழுபட்டது போலத் தெரியும். ஜன்னல் முன்பைவிடச் சிறியதாகவும் தூரமாகவும் தெரியும். இடம் போதவில்லை என்றால் 0.5x-ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம், இரண்டு காட்சிக்கும் அதையே பயன்படுத்தினால்.

வெளிச்சத்துக்கும் இதே விதிதான். கிழக்கு ஜன்னல் என்றால் காலை பத்து மணிக்கு ஒன்று, விளக்கைப் போட்டு இரவில் ஒன்று என இரண்டு முறை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் தானியங்கி அமைப்பை நம்பாமல் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் புது மஞ்சள் விளக்கின் சாயலை போன் தானாகத் திருத்தி வெள்ளையாக்கிவிடும். வீட்டுக்காரர் தேடித் தேடிப் பிடித்த பெயின்ட் நிறம் திரையில் வேறொன்றாக வரும். பாத்திரங்களையும் மறக்கக் கூடாது. பழைய சமையலறையை எச்சில் தட்டுகளோடும், புதியதை ஒரு பூச்சாடியோடும் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். தட்டு கழுவியதற்கு யாரும் நாற்பதாயிரம் செலவழிப்பதில்லை. முன்னும் பின்னும் ஒருமுறை காலியாக, ஒருமுறை புழங்கும் பாத்திரங்களோடு எடுத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். புது அலமாரியில் அந்த வீட்டின் இட்லிப் பானை அடங்குகிறதா என்பது பார்க்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

வேலை நடக்கும் நாட்களின் காட்சிகளுக்கு வருவோம். நாள் முழுக்கக் கேமராவை ஓடவிட்டால் போன் நிறைந்துவிடும், எடிட் செய்பவருக்குக் கண் வலிக்கும். தினமும் வேலையாட்கள் வரும் முன் பத்து விநாடி, அவர்கள் போன பின் பத்து விநாடி, அதே முக்காலி அளவில் எடுத்தால் போதும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிச் சேர்த்தால் சமையலறை கண் முன்னே மாறுவது தெரியும். இதற்கு மேல் ஓரிரு வேலைகளுக்கு மட்டும் டைம்லாப்ஸ் வைக்கலாம். சுவர் டைல்ஸ் ஒட்டுவது அதற்கு ஏற்றது, ஏனென்றால் ஒவ்வொரு வரிசையாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பெயின்ட் அப்படியல்ல. பட்டி, பிரைமர், முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு என்று நடுநடுவே காயவிட வேண்டியிருப்பதால் டைம்லாப்ஸில் ஈரச் சுவரைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்போம்.

டைம்லாப்ஸுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. டைல்ஸ் ஒட்ட நாலு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். அது 14,400 விநாடி. பத்து விநாடிக்கு ஒரு படம் என்றால் 1,440 படங்கள். விநாடிக்கு 25 படங்கள் வீதம் ஓட்டினால் ஏறக்குறைய 58 விநாடி வீடியோ. இது அதிகம்; இருபது விநாடிக்கு மேல் யாரும் டைல்ஸ் வரிசையைப் பார்க்க மாட்டார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 480 படங்கள், சுமார் 19 விநாடி. அதுதான் சரி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கடியில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் படம் மினுக்காது. வேலை முடியும்வரை போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, சார்ஜரில் செருகி, லென்ஸை மட்டும் விட்டு மற்றதை பாலிதீனால் சுற்றிவிடுங்கள். டைல்ஸ் அறுக்கும் தூசி சார்ஜர் துளைக்குள் போனால் வெளியே எடுப்பது கஷ்டம்.

எந்த வீடியோவிலும் விட்டுப்போகக் கூடாத காட்சி என்று நான் நினைப்பது, மூடப்படப் போகிறவற்றின் காட்சி. சிங்க்குக்குப் பின்சுவரை உடைத்து, பிளம்பர் புதுக் குழாயைப் பதித்து, அதன் மேல் பூசுவதற்கு முன்னால் ஒரு அரை நாள் இடைவெளி கிடைக்கும். எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டி வயர் பைப் பதித்ததும் அப்படியே. அப்போது அளவு டேப்பைச் சுவரில் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் குழாய் எத்தனை அங்குலத்தில் போகிறது என்று தெரியும்படி எடுத்துவிடுங்கள். வீடியோவில் அது நாலு விநாடிதான் வரும். ஆனால் இரண்டு வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்க நினைக்கும்போது அந்த வீட்டில் எல்லாரும் தேடப்போவது அந்த நாலு விநாடியைத்தான். பார்ப்பவருக்கும் பணம் எங்கே போனது என்பதை இந்தக் காட்சி சொல்லிவிடும். ஈரக்கசிவைச் சரிசெய்த செலவு முடிவுக் காட்சியில் கண்ணுக்கே தெரியாது. அது சுவருக்குள் இருக்கிறது.

இப்போது திரையில் ஓடும் பணக் கணக்கு. இந்தப் பழக்கம் தொலைக்காட்சியில் நெடுநாளாகவே இருக்கிறது. 1996-இல் பிபிசி தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியில் அக்கம்பக்கத்து வீட்டார் வீட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் வீட்டு அறையை மற்றவர் இரண்டு நாளில் 500 பவுண்டுக்குள் புதுப்பிப்பார்கள். அதன் அமெரிக்க வடிவமான 'டிரேடிங் ஸ்பேசஸ்' 2000-இல் வந்தது. அங்கே வரம்பு 1,000 டாலர். நிகழ்ச்சியின் விறுவிறுப்பே அந்த வரம்பில்தான் இருந்தது. ஆனால் வடிவமைப்பாளர்களுக்கும் தச்சருக்கும் நிகழ்ச்சி கொடுத்த சம்பளம் அந்தத் தொகைக்குள் வரவில்லை. நம் வீட்டு வீடியோவில் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே செலவில் கூலிக்கும் கணிசமான பங்கு உண்டு. பொருள் விலையை மட்டும் சொல்லி 'வெறும் இருபதாயிரத்தில் புது கிச்சன்' என்று தலைப்பு வைத்தால், அதை நம்பி வேலையைத் தொடங்கும் குடும்பம் பாதி வழியில் நின்றுபோகும்.

நம் சமையலறையின் கணக்கு திரையில் இப்படி ஏறும். உடைப்பதற்கும் இடிபாடுகளை அள்ளிப் போடுவதற்கும் 3,000. புதுக் குழாய், சிங்க், பிளம்பர் கூலி 6,500, ஆக 9,500. சுவரை உடைத்ததும் உள்ளே பதித்த பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஒழுகுவது தெரிகிறது. எதிர்பாராத 4,200 சேர்ந்து 13,700. வயரிங், எல்ஈடி விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், கூலி 4,800, ஆக 18,500. சுவர் டைல்ஸ், ஒட்டும் பசை, கூலி 7,400, ஆக 25,900. சன்மைக்கா ஒட்டிய புது அலமாரிக் கதவுகள் ஆசாரி கூலியோடு 14,500, ஆக 40,400. பெயின்டும் பெயின்டர் கூலியும் 8,100. மொத்தம் 48,500. போட்ட திட்டத்தைவிட 3,500 அதிகம்.

அந்த 3,500-ஐ மறைக்கத் தோன்றும். மறைத்தால் வீடியோவின் நல்ல திருப்பமே போய்விடும். துருப்பிடித்த குழாய் தெரிந்த இடத்தில் எண் தாவும்போது 'இனி எதைக் குறைப்பார்கள்' என்று பார்ப்பவர் யோசிக்கத் தொடங்குகிறார். பெயின்ட் வேலையில் எண் 45,000-ஐத் தாண்டும்போது வெள்ளை எழுத்து சிவப்பாக மாறட்டும். கூடவே ஒரு வரி, 'குழாய்க்குப் போன 4,200 இல்லாவிட்டால் கணக்குக்குள் முடிந்திருக்கும்'. உண்மையும் அதுதான்: 44,300-இல் முடிந்திருக்கும்.

டைல்ஸ் கணக்கில் இன்னொரு நுணுக்கம். ஒட்ட வேண்டிய பரப்பு 32 சதுர அடி. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 35 சதுர அடியைத் தாண்டும். ஓரடிக்கு ஒன்றரை அடி டைல்ஸ், பெட்டிக்கு ஆறு என்றால் ஒரு பெட்டிக்கு 9 சதுர அடி. ஆக நாலு பெட்டி வாங்க வேண்டும். திரையில் வர வேண்டியது நாலு பெட்டியின் விலை. ஒட்டிய 32 சதுர அடியின் விலை அல்ல. கடைக்காரர் அரைப் பெட்டி தர மாட்டார். அதேபோல வீட்டில் ஏற்கெனவே இருந்த டிரில் மெஷின், தங்கை கொடுத்த பழைய விளக்கு இவற்றுக்குப் பக்கத்தில் 'கையில் இருந்தது' என்று எழுதிவிட்டால் போதும்.

எண் திரையில் எங்கே இருக்க வேண்டும்? அகலவாக்கு வீடியோவில் இடது மேல் மூலை. கீழ்ப்பகுதியில் சப்டைட்டிலும் ஓட்டப் பட்டையும் வரும். செங்குத்தான ஷார்ட்ஸில் கீழே தலைப்பும் வலது ஓரத்தில் பொத்தான்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கும் இடது மேல்பக்கம்தான் ஓரளவு தப்பும், ஆனால் விளிம்பை ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளை எழுத்து காணாமல் போகும்; ஆகவே பின்னால் மங்கலான கறுப்புப் பட்டை தேவை. இரண்டே வரிகள்: 'இதுவரை', 'திட்டம்'. மூன்றாவதாக 'மீதம்' சேர்த்தால் படிப்பதற்குள் காட்சி மாறிவிடும். எண் எந்நேரமும் நிற்கவும் வேண்டாம். ஒவ்வொரு பில்லும் காட்டப்படும்போது வந்து, ஏறி, மூன்று விநாடி நின்று மறைந்தால் கவனம் கிடைக்கும். எடிட்டிங் செயலிகளில் எண் தானாக ஏறும் வசதி பெரும்பாலும் 125,000 என்று காற்புள்ளி போடும். லட்சத்தைத் தாண்டும் செலவென்றால் 1,25,000 என்று கையால் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நம் கண் தடுமாறும்.

கடைசியாகத் திறந்து காட்டும் நேரம். 2003-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' இதற்கு ஒரு சடங்கையே உருவாக்கியது: புது வீட்டை மறைத்துக்கொண்டு ஒரு பேருந்து நிற்கும், கூடியிருப்பவர்கள் 'பஸ்ஸை எடு' என்று கத்துவார்கள், பேருந்து நகரும். அப்போது பார்ப்பவருக்குப் புது வீடு எப்படி இருக்கும் என்று தெரியாது. இன்றைய யூடியூப் வீடியோவில் முகப்புப் படத்திலேயே பழையதும் புதியதும் பாதிப் பாதியாக வந்துவிடுகின்றன. ஆகவே 'எப்படி இருக்கும்' என்பதை மட்டும் ஒளித்து வைத்துப் பயனில்லை. மூன்று குறைகளும் தீர்ந்தனவா, எவ்வளவில் முடிந்தது என்ற இரண்டு கேள்விகளை நிறுத்தி வைக்கலாம். முகப்புப் படத்துக்கு ஒரு மூலையை மட்டும் கொடுங்கள். வாசலிலிருந்து எடுத்த முழுக் காட்சியை அந்தத் தருணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நிமிட வீடியோ என்றால் நான் ஆறாவது நிமிடத்தில் வைப்பேன். முதல் இருபது விநாடியில் குறைகளும் தொகையும். 1:20 வரை பழைய சமையலறை. 5:30 வரை வேலை. அடுத்த அரை நிமிடம் கழுவித் துடைத்துப் பாத்திரங்களை ஏற்றுவது. சரியாக 6:00-க்குத் திறப்பு. அதை ஏழரை நிமிடம் வரை இழுத்தால் பொறுமையிழந்தவர்கள் விரலால் தள்ளிப் போய்விடுவார்கள். யூடியூப் ஸ்டூடியோவின் பார்வைத் தக்கவைப்பு வரைபடத்தில் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். திறப்பு முடிந்ததும் பலர் எழுந்துபோவது இயல்பு. அதனால் 48,500 என்ற மொத்தத் தொகை திறப்புக் காட்சியிலேயே வந்துவிட வேண்டும். விரிவான பட்டியல் வேண்டியவர்களுக்குக் கடைசி ஒரு நிமிடம்.

திறப்பின் உள்ளமைப்பு எளிது. பழைய முழுக் காட்சி மூன்று விநாடி. ஒரு கை ஸ்விட்சைத் தட்டுகிறது. அந்தச் சொடுக்கில் வெட்டு. அதே அளவில் புதிய முழுக் காட்சி, அசையாமல் ஐந்து விநாடி. இசையை அங்கே நிறுத்திவிடலாம். பிறகு சிங்க்கில் வெளிச்சம், திறந்து மூடும் அலமாரி, ஈரமில்லாத சுவரில் வைத்த உள்ளங்கை. அசையாத அந்த ஐந்து விநாடிதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது, கேமராவைச் சுழற்றிவிடுகிறார்கள். சுழன்றால் ஒப்பிட முடியாது. வீட்டு அம்மாவின் வியப்பை எடுக்க வேண்டுமென்றால் அவர் வாசலுக்கு வரும் முன்பே இரண்டு போன்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: ஒன்று உள்ளேயிருந்து அவர் முகத்தைப் பார்த்து, இன்னொன்று அவர் பின்னாலிருந்து. 'இன்னொரு தடவை உள்ளே வாங்கம்மா' என்று கேட்டு எடுத்தால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு டைல்ஸ் கடையோ பெயின்ட் நிறுவனமோ இலவசமாகப் பொருள் கொடுத்திருந்தால், அதை வீடியோவில் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தரக் குழு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இலவசப் பொருளையும் அறிவிக்க வேண்டிய தொடர்பாகவே கொள்கின்றன. அறிவிப்போடு நிற்காமல், அந்தப் பொருளைக் கடை விலையில் கணக்கிலும் சேர்த்துவிடுங்கள். உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு அதை யாரும் இலவசமாகக் கொடுக்கப் போவதில்லை.